ஒரே ஆள், இரண்டு ப்ரொஃபைல்

கோவையில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு அனுபவமுள்ள கணக்காளர் ஒருவர் தேவைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சிக்காரர் முதலில் திறப்பது நௌக்ரி. வேலை தேடும் நாம் பார்ப்பது அதன் முன்பக்கம். அவர் பணம் கட்டிப் பார்ப்பது ரெஸ்டெக்ஸ் என்கிற பின்பக்கம். அங்கே அவர் யாருடைய பெயரையும் தேடுவதில்லை, கட்டங்களை நிரப்புகிறார். அக்கவுன்ட்ஸ் பேயபிள், ஜிஎஸ்டி, சாப் என்று மூன்று சொற்கள். அனுபவம் 6 முதல் 10 ஆண்டு. இப்போதைய சம்பளம் 5 முதல் 7 லட்சம். நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதத்துக்குள். கடைசி ஒரு மாதத்துக்குள் தளத்துக்கு வந்துபோனவர். பட்டனைத் தட்டியதும் ஒரு பட்டியல் வருகிறது. அதில் சிலரைப் பொறுக்கிக்கொண்டு, அவர்கள் பெயரை லிங்க்ட்இன்னில் போட்டுப் பார்க்கிறார். போன் செய்வது அதற்குப் பிறகுதான்.

ஆக, ஒரே ஆளின் இரண்டு ப்ரொஃபைல்களும் சில நிமிட இடைவெளியில் ஒரே ஆளின் கண்ணில் படுகின்றன. நாம் அப்படி நினைத்து அவற்றை எழுதுவதில்லை. நௌக்ரி கணக்கு, படிப்பு முடித்த காலத்தில் யாரோ நண்பர் உட்கார வைத்துத் திறந்து கொடுத்ததாக இருக்கும். லிங்க்ட்இன் கணக்கு பின்னாளில் அலுவலகத்தில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று தொடங்கியதாக இருக்கும். இரண்டும் தனித்தனியாக வளர்ந்து, தனித்தனியாகப் பழசாகிவிடுகின்றன.

இரண்டு தளங்களின் சுபாவமும் வேறு. 1997இல் தொடங்கிய நௌக்ரி அடிப்படையில் ஒரு விண்ணப்பப் படிவம். அதில் நாம் எழுதுவதை முதலில் படிப்பது இயந்திரம். ஒரு கட்டத்தில் உள்ள எண் கேட்ட வரம்புக்கு வெளியே இருந்தால், நாம் எவ்வளவு நல்ல வேலைக்காரராக இருந்தாலும் பட்டியலிலேயே வரமாட்டோம். 2003இல் வந்த லிங்க்ட்இன் ஒரு பொதுப் பக்கம். பழைய மேலாளர், கல்லூரி சிநேகிதர், இப்போதைய முதலாளி என எல்லோரும் பார்க்கும் இடம். அங்கேயும் ரெக்ரூட்டர்கள் தேடுகிறார்கள் என்றாலும், நம் ஊர்ப் பக்கம் பல நேரங்களில் அது சரிபார்க்கும் இடமாகத்தான் பயன்படுகிறது. முதல் தளத்தில் பிடித்த ஆளை இரண்டாவது தளத்தில் உறுதிசெய்துகொள்கிறார்கள். அந்த இடத்தில் முரண்பாடு தென்பட்டால் யாரும் நம்மைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதில்லை. பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள்.

விஷயத்தைத் தெளிவாகப் பார்க்க, கற்பனையாக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பி.காம். முடித்தவர். 2017 ஜூனில் கோவையில் ஒரு சிறிய ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தார். அடுத்த மாதம் முதல் தேதி ஜிஎஸ்டி வந்துவிட்டதால், அந்த வேலையை அடிமட்டத்திலிருந்தே கற்றுக்கொண்டவர். 2019 மார்ச்சில் அங்கிருந்து விலகி, ஏப்ரலில் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்டாகச் சேர்ந்தார். 2022இல் கம்பெனி டேலியை விட்டு சாப் மென்பொருளுக்கு மாறியது. அதே ஆண்டு இவருக்கும் சீனியர் எக்ஸிக்யூட்டிவ் பதவி கிடைத்தது. 2025 செப்டம்பர் மாதக் கடைசியில் வேறு வேலை பார்க்கலாம் என்று நினைக்கிறார்.

அவருடைய நௌக்ரி ப்ரொஃபைல் 2021இல் கடைசியாகத் திருத்தியது. ஹெட்லைன் இப்படி இருக்கிறது:

```
Accounts Executive with 4 years experience in Tally ERP 9, looking for better opportunity
```

லிங்க்ட்இன்னில் இருப்பது இது:

```
Finance Professional | Passionate about numbers | SAP | MBA
```

இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் ரெக்ரூட்டருக்கு இது ஒரே ஆளா என்ற சந்தேகம் வருவது நியாயம்தானே? ஒன்றில் நான்கு வருட டேலி எக்ஸிக்யூட்டிவ். மற்றொன்றில் எம்பிஏ படித்த நிதித்துறை நிபுணர். எம்பிஏவை அவர் தபால்வழியில் படித்து 2023இல் முடித்தார், ஆனால் நௌக்ரியின் கல்விப் பகுதியில் இன்னும் பி.காம். மட்டும்தான் இருக்கிறது. அவர் எந்த இடத்திலும் பொய் எழுதவில்லை. இரண்டு தளத்திலும் இருப்பவை வெவ்வேறு வருடத்து உண்மைகள், அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அது தெரியாது.

ஹெட்லைனை எடுத்துக்கொள்வோம். நௌக்ரியில் Resume headline என்ற கட்டத்துக்கு 250 எழுத்து வரை இடம் உண்டு. லிங்க்ட்இன்னில் 220. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும் ஒரே வரியை இரண்டிலும் ஒட்டவேண்டிய அவசியம் இல்லை. நௌக்ரியில் இருப்பது தேடுபொறிக்கும் ரெக்ரூட்டருக்கும் மட்டும் போகும் வரி என்பதால் வேலையின் பெயர்களை முழுதாகச் சொல்லலாம். லிங்க்ட்இன் வரி நம் பெயருக்குக் கீழே எல்லா இடத்திலும் தொங்கிக்கொண்டு வருகிறது. ஒருவருடைய பதிவுக்கு நாம் எழுதும் பின்னூட்டத்திலும், தேடல் பட்டியலிலும் முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால் பதவிப் பெயர் அங்கே முன்னால் வரவேண்டும். இரண்டிலும் மாறாமல் இருக்க வேண்டியவை மூன்று: பதவி, தொழில்துறை, கையாளும் முக்கிய வேலைகள்.

நம் கணக்காளர் நௌக்ரியில் இப்படி எழுதலாம்:

```
Senior Accounts Executive in manufacturing: accounts payable, GST, TDS, bank reconciliation, SAP FICO end user, TallyPrime. MBA Finance. Coimbatore.
```

லிங்க்ட்இன்னில் இப்படி:

```
Senior Accounts Executive | Accounts Payable, GST, TDS | SAP FICO end user | Manufacturing, Coimbatore
```

புதிய வரிகளில் எங்கேயும் அனுபவத்தின் ஆண்டு எண்ணிக்கை இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே விட்டதுதான் அது. அனுபவத்துக்கென்று நௌக்ரியில் தனிக் கட்டம் இருக்கிறது. லிங்க்ட்இன்னில் சேர்ந்த மாதம், விலகிய மாதம் போட்டால் போதும், ஒவ்வொரு வேலையின் கால அளவையும் தளமே கணக்கிட்டுக் காட்டும். ஹெட்லைனிலும் சுருக்கக் குறிப்பிலும் அதே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினால் வருடா வருடம் திருத்தவேண்டிய இடங்கள்தான் கூடும். அதில் ஏதாவது ஒன்றைத் திருத்த மறந்துவிடுவோம். மாறக்கூடிய எண் எதுவாக இருந்தாலும் அதற்குரிய கட்டத்தில் மட்டும் இருக்கட்டும்.

பதவிப் பெயரில் ஒரு எச்சரிக்கை. ஹெட்லைனில் நாம் செய்யும் வேலையை விளங்கும்படி சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கீழே அனுபவப் பகுதியில் நிறுவனத்தின் பெயருக்கு நேராக எழுதும் பதவி, ஆர்டரில் உள்ளபடியே இருக்கவேண்டும். பதவி உயர்வுக் கடிதத்தில் ‘சீனியர் எக்ஸிக்யூட்டிவ், அக்கவுன்ட்ஸ்’ என்று இருக்க, லிங்க்ட்இன்னில் ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று போட்டுக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறோம். வேலை கிடைத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் நிறுவனம் பழைய ஹெச்ஆரிடம் பதவி என்ன என்று கேட்கும். பதில் கடிதத்தில் உள்ளபடிதான் வரும்.

அடுத்தது திறன்கள். முரண்பாடு அதிகம் சேர்வது இங்கேதான். நௌக்ரியில் Key skills என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்குக் கீழே IT skills என்று ஓர் அட்டவணை. அதில் மென்பொருளின் பெயர், பதிப்பு, கடைசியாகப் பயன்படுத்திய ஆண்டு, எத்தனை ஆண்டு பழக்கம் என்று நான்கு தகவல் கேட்கும். பலரும் அந்த அட்டவணையை ஒருமுறை நிரப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். நம் கணக்காளரின் அட்டவணையில் ‘டேலி இஆர்பி 9, கடைசியாகப் பயன்படுத்தியது 2021’ என்று நிற்கிறது. டேலிபிரைம் என்ற புதிய பதிப்பு 2020 நவம்பரிலேயே வந்துவிட்டது. அவருடைய கம்பெனி சாப்புக்கு மாறிவிட்டாலும், துணை நிறுவனம் ஒன்றின் கணக்கை இன்றுவரை அவர் டேலிபிரைமில்தான் போட்டுவருகிறார். அட்டவணையைப் பார்ப்பவருக்கோ, நாலு வருடமாக டேலியைத் தொடாதவர் என்றுதான் தோன்றும்.

லிங்க்ட்இன்னில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே திறனுக்குப் பக்கத்தில் ஆண்டு எதுவும் கிடையாது. ஒரு திறனை எப்போதோ சேர்த்து, நண்பர்கள் அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால், அது மேலேயே நின்றுகொண்டிருக்கும். கல்லூரியில் படிக்கும்போது சேர்த்த ‘டீம் ஒர்க்’, ‘மைக்ரோசாஃப்ட் வேர்ட்’ எல்லாம் முன்வரிசையில் இருக்க, இன்றைக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை பின்னால் கிடக்கும். வரிசையை நாமே மாற்றி அடுக்கலாம். ஒவ்வொரு திறனையும் எந்த வேலையில் பயன்படுத்தினோம் என்று அந்த வேலையோடு இணைக்கவும் வசதி உண்டு. இந்த இணைப்பைச் செய்துவிட்டால், நௌக்ரி அட்டவணையில் இருக்கும் ஆண்டுக் கணக்குக்கு லிங்க்ட்இன்னிலும் ஓர் ஆதாரம் கிடைத்துவிடுகிறது. சாப் என்ற திறனைப் பம்ப் கம்பெனி வேலையோடு இணைத்து, அந்த வேலையின் விவரத்தில் 2022 முதல் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

ஒரே திறனை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதும் பழக்கமும் இருக்கிறது. ஒன்றில் ‘பிஆர்எஸ்’ என்று சுருக்கம், மற்றொன்றில் ‘பேங்க் ரிகன்சிலியேஷன்’ என்று முழுப் பெயர். கணக்குத் துறையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், தேடும் இயந்திரம் எப்போதும் அப்படி எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. தட்டும்போது தளமே கீழே காட்டும் பெயரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதே பெயரை மற்றொரு தளத்திலும், ரெஸ்யூமே கோப்பிலும் போடுங்கள். ரெக்ரூட்டர் விரும்பினால் முழு ரெஸ்யூமேயின் எழுத்துக்குள்ளும் தேடமுடியும் என்பதால் மூன்றாவது சாட்சி அது.

கணக்காளர்கள் குறிப்பாகக் கவனிக்கவேண்டிய ஒன்றும் உண்டு. சாப் மென்பொருளில் நிதி, செலவுக் கணக்குப் பகுதியை ஃபைகோ என்கிறார்கள். அதை ஒரு கம்பெனிக்கு அமைத்துக் கொடுக்கும் கன்சல்டன்டும் ‘சாப் ஃபைகோ’ என்று எழுதுகிறார், அதில் தினமும் பில் பதிவு போடும் கணக்காளரும் ‘சாப் ஃபைகோ’ என்றே எழுதுகிறார். இரண்டும் வேறு வேலை, சம்பளமும் வேறு. ‘எண்ட் யூசர்’ என்று சேர்க்காவிட்டால், பெங்களூரு ஐடி கம்பெனிகளுக்காக ஆள் தேடுபவர்களிடமிருந்து பொருந்தாத அழைப்புகள் வந்துகொண்டிருக்கும். ஒரு தளத்தில் சேர்த்து மறு தளத்தில் விட்டாலோ, பெரிதாகக் காட்டிக்கொள்கிறார் என்ற எண்ணம் வந்துவிடும்.

இனி சம்பளம். லிங்க்ட்இன்னில் எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் சம்பளத்துக்குக் கட்டமே இல்லை, அங்கே யாரும் எழுதவும் வேண்டாம். நௌக்ரியில் அது முக்கியமான கட்டம். அப்படியிருக்க இரண்டுக்கும் என்ன பொருத்தம் வேண்டியிருக்கிறது? லிங்க்ட்இன் வழியாக ஒருவர் செய்தி அனுப்பி, “கரன்ட் சிடிசி, எக்ஸ்பெக்டட் சொல்லுங்க” என்று கேட்பார். அவசரத்தில் நாம் ஒன்று சொல்வோம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வரும் கேள்விகளிலும் இன்னொரு எண் போடுவோம். அதே கம்பெனியின் ஹெச்ஆர் நௌக்ரியைத் திறந்தால் மூன்றாவது எண் இருக்கும். பேரம் தொடங்கும் முன்பே நம் பேச்சின் மதிப்பு போய்விடும்.

இதில் பெரும்பாலான குழப்பம் ஏமாற்றும் எண்ணத்தால் வருவதில்லை. சம்பளம் என்றால் எந்தச் சம்பளம் என்பது புரியாததால் வருகிறது. நம் கணக்காளருக்கு மாதம் அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி 10,000, சிறப்புப் படி 10,000. மொத்தம் 40,000. இதில் அவர் பங்கு பி.எஃப். 1,800 பிடிக்கிறார்கள். தொழில் வரி போன்ற சில்லறைப் பிடித்தங்களை விட்டுவிட்டால் கைக்கு வருவது 38,200. அதை 12 மாதத்துக்குக் கணக்கிட்டு, 2021 வாக்கில் செய்த பழக்கப்படியே 4.58 லட்சம் என்று நௌக்ரியில் போடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

பிடித்தத்துக்கு முந்தைய தொகையை எடுத்தால் வருடத்துக்கு 4,80,000. ஆனால் அவருடைய ஆர்டரில் இருக்கும் சிடிசி இதைவிட அதிகம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். வருடத்துக்கு 21,600. கிராஜுவிட்டிக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் ஒதுக்குவது வழக்கம், அது 11,544. இவை சேர்ந்தால் 5,13,144. இதுதான் நிலையான பகுதி. இதற்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை இலக்கைப் பொறுத்துக் கொடுக்கும் இன்சென்டிவ் 40,000 வரை. அதையும் கூட்டினால் 5,53,144.

4.58, 4.80, 5.13, 5.53. நான்குமே உண்மையான எண்கள். ஆரம்பத்தில் பார்த்த கன்சல்டன்சிக்காரர் 5 முதல் 7 லட்சம் என்று வரம்பு வைத்துத் தேடினார். முதல் இரண்டு எண்ணில் எதைப் போட்டிருந்தாலும் இவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். சம்பளக் கட்டத்தைக் காலியாக விட்டால் தப்பிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சம்பளம் குறிப்பிடாதவர்களையும் சேர்த்துக் காட்டு என்று தேடுபவர் தேர்ந்தெடுத்தால்தான் அவர்கள் வருவார்கள். அது அவர் விருப்பம்.

வேலைச் சந்தையில் எல்லோரும் பேசுவது சிடிசி என்பதால், ஆர்டரில் உள்ள வருடாந்தர சிடிசியையே போடவேண்டும். நிலையானது எவ்வளவு, மாறும் தொகை எவ்வளவு என்று பிரித்துக்காட்ட வசதி இருக்கும்போது பிரித்தே காட்டுங்கள். நம் கணக்காளருக்கு 5.13 நிலையானது, 40,000 மாறக்கூடியது. போனில் கேட்டாலும் லிங்க்ட்இன் செய்தியில் கேட்டாலும் இதே வாக்கியம்தான்: “சிடிசி அஞ்சு அம்பத்துமூணு, அதுல நாப்பதாயிரம் வேரியபிள்.” எதிர்பார்க்கும் சம்பளத்தையும் ஓர் எண்ணாக முடிவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்றும் நாளில் நௌக்ரிக் கட்டத்திலும் மாற்றிவிடுங்கள்.

கூட்டிப் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஆஃபர் கொடுக்கும் முன் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பல இடங்களில் வங்கிக் கணக்கு விவரமும் படிவம் 16உம் கேட்கிறார்கள். சீட்டில் உள்ள 40,000ஐ 12ஆல் பெருக்க ஹெச்ஆருக்கு ஒரு நொடி போதும். 7 லட்சம் என்று ப்ரொஃபைலில் இருந்தால், ஆஃபர் நிற்பதோடு அந்தக் கம்பெனியின் பதிவேட்டில் பெயரும் கெட்டுப்போகும்.

கடைசியாகத் தேதிகள். இவை இரண்டு வகை. வேலையில் சேர்ந்த, விலகிய தேதிகள் ஒரு வகை. ப்ரொஃபைலை எப்போது திருத்தினோம் என்பது இன்னொரு வகை.

முதல் வகையில் நம் கணக்காளரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆடிட்டர் ஆபீஸில் 2017 ஜூன் முதல் 2019 மார்ச் வரை 22 மாதம். பம்ப் கம்பெனியில் 2019 ஏப்ரல் முதல் 2025 செப்டம்பர் வரை 78 மாதம். மொத்தம் 100 மாதம், அதாவது 8 ஆண்டு 4 மாதம். நௌக்ரியில் இன்னும் 4 ஆண்டு என்று நிற்கிறது, 6 முதல் 10 என்ற வடிகட்டியில் விழுந்துவிடுவார். லிங்க்ட்இன்னில் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை ‘2017 – 2019’ என்று வருடம் மட்டும் போட்டிருக்கிறார். அது 2017 ஜனவரியா டிசம்பரா என்று யாருக்கும் தெரியாது. இரண்டிலும் மாதத்தோடு போடவேண்டும்.

இந்தத் தேதிகளுக்கு நம் கையில் இல்லாத ஒரு சாட்சியும் இருக்கிறது. பி.எஃப். அமைப்பின் யுஏஎன் கணக்கில், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் விலகினோம் என்ற சேவை வரலாறு இருக்கும். சரிபார்ப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கிறார்கள். நீங்களே முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். பழைய கம்பெனி விலகல் தேதியைப் பதியாமலே விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தது போலத் தெரியும். அதைச் சரிசெய்ய நேரம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நம் கணக்காளர் வேலை பார்த்த சிறிய ஆடிட்டர் ஆபீஸில் இருபது பேர்கூட இல்லாததால் பி.எஃப். கிடையாது. அங்கே அனுபவச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் உள்ள தேதிதான் இரண்டு ப்ரொஃபைலிலும் இருக்கவேண்டும்.

ஒப்பந்த முறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் வரும். ஸ்ரீபெரும்புதூரில் பெரிய கார் கம்பெனி வளாகத்துக்குள்தான் தினமும் வேலை, ஆனால் சம்பளம் போடுவது ஆள் சப்ளை செய்யும் வேறொரு நிறுவனம். லிங்க்ட்இன்னில் கார் கம்பெனியின் பெயரை எழுதிக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரும். நௌக்ரியில் சம்பளச் சீட்டைப் பார்த்து சப்ளை நிறுவனத்தின் பெயரை எழுதியிருப்பார்கள். சரிபார்ப்பவர் கார் கம்பெனியைக் கேட்டால், அப்படி ஒருவர் எங்கள் ஊழியர் இல்லை என்று பதில் வரும். சம்பளம் போடும் நிறுவனத்தை இரண்டு தளத்திலும் முதலாளியாகக் குறிப்பிட்டு, யாருக்காக எந்த வேலை செய்கிறோம் என்பதை விவரப் பகுதியில் எழுதுவதுதான் சரியான வழி. பெரிய கம்பெனியின் பெயரும் வந்துவிடும், கேள்விக்கும் இடமில்லை.

இனிஷியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்து, மற்றொன்றில் கணவர் பெயர் முழுதாக என்றிருந்தால், நௌக்ரியில் பிடித்த ஆளை லிங்க்ட்இன்னில் கண்டுபிடிக்கவே முடியாது.

இனி திருத்திய தேதி. நௌக்ரியில் ரெக்ரூட்டர் பார்க்கும் அட்டையில் இரண்டு தேதி இருக்கும். ப்ரொஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்டது ஒன்று, ஆள் கடைசியாகத் தளத்துக்கு வந்தது மற்றொன்று. பட்டியலை இவற்றின்படி வரிசைப்படுத்தவும் முடியும். இதைத் தெரிந்துகொண்ட பலர் தினமும் காலையில் ஹெட்லைனில் ஒரு புள்ளியைச் சேர்த்து, மறுநாள் எடுத்துவிடுகிறார்கள். தேதி புதிதாகும் என்பது உண்மைதான். ஆனால் ‘நேற்று திருத்தியது’ என்று மேலே இருக்க, உள்ளே 2021ஆம் ஆண்டுச் சம்பளமும் டேலி இஆர்பி 9உம் இருந்தால், பழைய தேதியைவிட மோசமான எண்ணத்தை அது உண்டாக்கும். தேதி பழசாக இருந்தால் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். புது தேதியோடு பழைய விவரம் இருந்தால், அதுதான் இன்றைய உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். தீவிரமாக வேலை தேடும் காலத்தில் வாரம் ஒருமுறை உள்ளே போய், நோட்டீஸ் பீரியட், எதிர்பார்க்கும் சம்பளம், விரும்பும் ஊர் ஆகிய மூன்றையும் பார்த்து, மாற வேண்டியதை மாற்றினால் போதும். ரெஸ்யூமே கோப்பு ஏற்றிய தேதியும் நௌக்ரியில் தனியாகத் தெரியும். ப்ரொஃபைல் இந்த மாதம், கோப்பு இரண்டு வருடம் முன்பு என்றிருந்தால் அதையும் புதிதாக ஏற்றவேண்டும்.

லிங்க்ட்இன்னில் திருத்திய தேதி வெளியே தெரிவதில்லை. அங்கே வேறு பயம் இருக்கிறது: மாற்றம் செய்தால் தொடர்பில் உள்ள எல்லோருக்கும் அறிவிப்பு போய், ஆபீஸில் கேள்வி வருமோ என்பது. அந்தப் பயத்தால்தான் பலர் நௌக்ரியை மட்டும் திருத்திவிட்டு லிங்க்ட்இன்னை அப்படியே விடுகிறார்கள். திருத்தும் பெட்டியின் மேலே Notify network என்று ஒரு சுவிட்ச் இருக்கும். முதலில் அதை அணைத்துவிட்டு மற்றதைச் செய்யலாம். வேலை தேடுவதைத் தெரிவிக்கும் Open to work வசதியில் Recruiters only என்பதைத் தேர்ந்தெடுத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வராது. நம்முடைய கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமலிருக்க லிங்க்ட்இன் முயலும், முழு உத்தரவாதம் தருவதில்லை. நௌக்ரியிலும் குறிப்பிட்ட நிறுவனங்கள் நம் ப்ரொஃபைலைப் பார்க்காதபடி தடுக்கலாம். இப்போதைய கம்பெனியின் பெயரோடு அதன் துணை நிறுவனங்களின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே உட்காரலில் செய்வதுதான் வசதி. நம் கணக்காளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தாளை எடுத்துக்கொள்கிறார். ஆர்டர், பதவி உயர்வுக் கடிதம், அனுபவச் சான்றிதழ், யுஏஎன் சேவை வரலாறு, கடைசிச் சம்பளச் சீட்டு எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பதவி, தேதி, சிடிசி, நோட்டீஸ் நாள், பத்துப் பன்னிரண்டு திறன்களின் சரியான பெயர் ஆகியவற்றைத் தாளில் எழுதுகிறார். நினைவிலிருந்து எதையும் எழுதுவதில்லை. பிறகு அந்தத் தாளைப் பார்த்து முதலில் ரெஸ்யூமே, அடுத்து லிங்க்ட்இன், கடைசியில் நௌக்ரி. நௌக்ரியைக் கடைசியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே திருத்தியவுடன் தேதி புதிதாகி அழைப்புகள் வரத் தொடங்கும். அப்போது பார்ப்பவர் போகிற லிங்க்ட்இன் பக்கம் ஏற்கெனவே தயாராக இருக்கவேண்டும். தாளின் மேல் அன்றைய தேதியைப் போட்டு வைக்கிறார். ரெக்ரூட்டர் போன் செய்யும்போது அதையே எடுத்துப் பார்த்துப் பேசலாம்.

வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்ததும் இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. நோட்டீஸ் பீரியட் கட்டத்தில் இரண்டு மாதம் என்பதை எடுத்துவிட்டு, நோட்டீஸில் இருப்பதாகவும் கடைசி வேலை நாள் எது என்றும் நௌக்ரியில் குறிக்கவேண்டும். புதிய இடத்தில் சேரும்வரை எதுவும் நடக்கலாம் என்பதால் அதுவரை ப்ரொஃபைலை மூடாமல் வைத்திருப்பது பலரின் வழக்கம். ஆனால் சேர்ந்த வாரத்திலேயே Open to work வசதியை அணைத்து, நௌக்ரியில் பார்வையை மறைத்து, புதிய கம்பெனியின் பெயரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். புதிய ஹெச்ஆரும் அடுத்த ஆளைத் தேடி அதே ரெஸ்டெக்ஸைத்தான் திறப்பார். புது ஆர்டரில் உள்ள பதவி, சிடிசி, சேர்ந்த தேதி மூன்றையும் அன்றே அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு தளத்திலும் புதிய வேலையை ஏற்றுவதை மட்டும் முதல் மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஆர்டரில் எழுதியதும் சீட்டில் வருவதும் ஒன்றுதானா என்று அதற்குள் தெரிந்துவிடும்.